கள்ளு இல்லை, மூடி ரப்பர்

நான் கள்ளு குடித்ததில்லை. இதை முதலில் சொல்லிவிட வேண்டும்.

வயது ஐம்பத்தேழு. மலேசியாவில் சுங்காய்ப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவன். சம்பளத்தன்று சாயங்காலம் எங்கள் லயத்து வரிசை வீடுகளின் ஆண்கள் எல்லாரும் ஒரே பக்கம், கள்ளுக்கடைப் பக்கம் நடப்பார்கள். நான் எதிர்ப்பக்கம் நடப்பேன். கேலி செய்தார்கள். செய்யட்டும் என்று விட்டேன். அப்புறம் தோட்டத்தில் ரப்பர் போய் செம்பனை வந்தது. நாங்கள் ஈப்போ வந்தோம். ஜெலாப்பாங்கில் ஒரு தொழிற்சாலை வாசலில் எனக்கு ஜாகா வேலை, காவல்காரன் வேலை கிடைத்தது. பதினோரு வருடமாக அதே வாசல், அதே தடுப்புக்கட்டை. லாரி வந்தால் தூக்குவேன். போனால் இறக்குவேன்.

காலை ஏழுக்குப் போனால் இரவு ஏழுக்குத்தான் வருவேன். பையில் மூன்று சாமான் இருக்கும். சோற்று டப்பா ஒன்று, நாலு பக்கமும் கிளிப் வைத்த மூடி. நீல பிளாஸ்டிக் போத்தல் ஒன்று, பச்சைத் தண்ணிக்கு. ஸ்டீல் பிளாஸ்க் ஒன்று. பிளாஸ்கில் நீராகாரம். ராத்திரி மிஞ்சிய சோற்றில் தண்ணீர் ஊற்றி வைத்து, காலையில் பிசைந்து, மோர் விட்டு, உப்புப் போட்டு, சின்ன வெங்காயம் நறுக்கிப் போடுவது. காவல் கூண்டு தகரக் கூரை. பத்து மணிக்கே அடுப்பு மாதிரி ஆகிவிடும். நீராகாரம் இல்லாமல் என்னால் அங்கே உட்கார முடியாது.

பிளாஸ்கை என் மனைவிதான் கழுவுவாள். பதினோரு வருடமும் அவள்தான். நான் வந்து பையை வைப்பேன். காலையில் பை நிரம்பி இருக்கும். நடுவில் என்ன நடந்தது என்று நான் பார்த்ததில்லை.

போன வருடம் எங்கள் மகளுக்குக் குழந்தை பிறந்தது. மகள் இருப்பது ஹுத்தான் மெலிந்தாங். மனைவி பத்தியம் பார்க்கக் கிளம்பிப் போனாள். நாற்பது நாள். போகும்போது சொன்னாள்.

"அரிசி எங்க இருக்குன்னு தெரியும். மோர் வாங்கி வச்சிருக்கேன். சாமான நல்லா கழுவுங்க."

கழுவத் தெரியாதா என்று நினைத்தேன். சவர்க்காரம் விட்டு, தண்ணீர் ஊற்றி, நாலு குலுக்கு குலுக்கி, கொட்டிவிடுவேன். உடனே மூடியை இறுக்கி மூடி அலமாரியில் வைத்துவிடுவேன். எங்கள் பிளாட்டில் கரப்பான் அதிகம். லயத்திலும் அப்படித்தான். எந்தப் பாத்திரத்தையும் வாய் திறந்து வைத்தால் காலையில் உள்ளே ஏதாவது இருக்கும். அதனால் மூடுவதுதான் சுத்தம் என்று சின்ன வயதிலிருந்தே பழக்கம்.

மூன்று வாரம் ஓடியது. மூக்கு எதுவும் சொல்லவில்லை. தினமும் மோக்கிற நாற்றம் மூக்குக்குத் தெரிவதில்லை.

முதலில் சொன்னது என்னோடு வேலை செய்யும் ஆள். அவன் பின்பக்க லாரி கேட்டில் நிற்பான். முப்பது வயது. வாய் சும்மா இருக்காது. ஒரு செவ்வாய்க்கிழமை தண்ணீர் கேட்டு வந்தான். போத்தல் காலி. பிளாஸ்கைத் திறந்தான். தலையைப் பின்னால் இழுத்தான்.

"அண்ணே! என்னண்ணே இது, கடைய இங்கயே தொறந்துட்டீங்களா?"

"நீராகாரம்டா."

"நீராகாரமா? இத மோந்தாலே எனக்கு ஆட்டம் வருது லா."

சிரித்தான். நானும் சிரித்தேன். அவன் அதை லாரி டிரைவர் ஒருத்தரிடம் சொல்லிச் சிரித்தான். டிரைவர் இன்னொருத்தரிடம் சொன்னார். இரண்டு நாளில் அது சிரிப்பாக இல்லை.

வியாழக்கிழமை மத்தியானம் சூப்பர்வைசர் வந்தார். எங்கள் காவல் கம்பெனியின் ஆள். நாலைந்து வாசல்களைச் சுற்றிப் பார்ப்பவர். முப்பது வருடம் போலீசில் இருந்தவர். சிலோன் வம்சம், ஆனால் ஈப்போவிலேயே பிறந்தவர். சட்டை இஸ்திரி கலையாது. யாரையும் அதட்ட மாட்டார். எல்லாரையும் 'நீர்' என்றுதான் கூப்பிடுவார். அவர் காரிலும் ஒரு ஸ்டீல் பிளாஸ்க் எப்போதும் இருக்கும். பால் தேத்தண்ணி. இறங்கும்போது கையில் எடுத்துக்கொண்டுதான் இறங்குவார்.

அன்றைக்கும் அப்படியே வந்தார். தன் பிளாஸ்கை மேசையில் வைத்தார். என் பிளாஸ்கை எடுத்தார். நீராகாரம் முழுக்கக் குடித்து முடித்திருந்தேன். திறந்து மோந்தார்.

"இதென்ன மணம்?"

"நீராகாரம் சார். பழைய சோத்துத் தண்ணி."

"எனக்கு நீராகாரம் தெரியும். இது கள்ளு மணக்குது."

"நான் குடிக்கிறதில்ல சார்."

"நீர் குடிச்சனீரோ இல்லையோ எண்டு நான் கேக்கேல்லை. இது மணக்குது எண்டுதான் சொல்லுறன்."

வேலைக் குறிப்பு எழுதும் பெரிய புத்தகத்தை இழுத்தார். மலாயில் எழுதினார். எனக்கு மலாய் மெதுவாக வாசிக்க வரும். 'காவலரின் பிளாஸ்கில் கள்ளு நாற்றம். அவர் மறுக்கிறார்.' அடியில் கையெழுத்து. அந்தப் புத்தகத்தை இரவு ஆளும் என் ஓய்வு நாளில் வரும் ஆளும் வாசிப்பார்கள். தொழிற்சாலை ஆபீசில் கணக்கு எழுதும் கெராணி வாரம் ஒரு தடவை வாசிப்பாள்.

"சனிக்கிழமை வருவன். திரும்ப மணந்தால் மேலிடத்துக்குப் பேப்பர் போகும்" என்றார். பிளாஸ்கை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அவருடையதைத்தான்.

எனக்குக் கோபம் வரவில்லை என்று சொன்னால் பொய். ஆனால் கத்தவில்லை. கத்தினால் குடித்தவன் கத்துகிறான் என்பார்கள்.

வெள்ளிக்கிழமை ராத்திரி வீட்டில் நானே பிளாஸ்கை மோந்து பார்த்தேன். உண்மைதான். புளித்த வாடை. கள்ளுக்கடை வாசலைக் கடக்கும்போது வருமே, அதற்கும் இதற்கும் வித்தியாசம் சொல்ல முடியாது. சவர்க்காரம் விட்டுக் கழுவினேன். மோந்தேன். இருந்தது. இன்னும் விட்டுக் கழுவினேன். இருந்தது. அப்போதுதான் அந்தத் தப்பைச் செய்தேன். நாற்றத்துக்கு வாசனை போட்டால் சரியாகும் என்று நினைத்தேன். கிராம்பும் ஏலக்காயும் தட்டிப் போட்டுத் தண்ணீர் கொதிக்கவைத்து பிளாஸ்கில் ஊற்றி இறுக்கி மூடிவிட்டேன். காலையில் கொட்டினேன். கம்மென்று இருந்தது. நீராகாரம் வேண்டாம் என்று அன்றைக்கு வெறும் தண்ணீர் நிரப்பிக்கொண்டு போனேன்.

சூப்பர்வைசர் வந்தார். மூடியைத் திறந்தார். மோந்தார். என்னைப் பார்த்தார்.

"கிராம்பு."

"ஆமா சார்."

"முப்பது வருஷம் போலீசில இருந்தனான். கிராம்பு சப்புறவன் ஏன் சப்புறான் எண்டு எனக்குத் தெரியாதோ?"

எனக்கு அப்போதுதான் உறைத்தது. லயத்திலும் குடித்துவிட்டு வருகிறவர்கள் கடைவாயில் கிராம்பு வைத்துக்கொண்டுதான் வீட்டுக்குள் நுழைவார்கள். அதை நான் எத்தனை தடவை பார்த்திருக்கிறேன். என் கையாலேயே என் மேல் சாட்சி சேர்த்துவிட்டேன்.

"உள்ள வெறும் தண்ணி சார். ஊத்திப் பாருங்க."

ஊற்றிப் பார்த்தார். தண்ணீர்தான். தண்ணீரையும் மோந்தார். கிராம்புக்கு அடியில் புளிப்பு இருந்தது.

"கள்ளைக் குடிச்சுப்போட்டுத் தண்ணி நிரப்பி வைக்க எவ்வளவு நேரம்?" என்றார்.

ஒரு கடிதத்தை எடுத்து மேசையில் வைத்தார். தட்டெழுத்து. வேலை நேரத்தில் கள்ளு கொண்டு வந்ததை ஒத்துக்கொள்கிறேன், இனிமேல் செய்ய மாட்டேன் என்று நான் சொல்வதாக எழுதியிருந்தது. கீழே என் பெயருக்குக் கோடு.

"கையெழுத்துப் போடும். எச்சரிக்கையோட முடியும். பதினொரு வருஷ ஆள், உம்மை அனுப்ப எனக்கும் விருப்பமில்லை. போடாட்டி மேலிடம் முடிவு செய்யும். வேலை போகும்."

"போட மாட்டேன் சார்."

"யோசியும். புதன்கிழமை வருவன்."

அவர் நல்ல மனதோடுதான் சொன்னார். அது எனக்குத் தெரிந்தது. அதனால் இன்னும் கஷ்டமாக இருந்தது. ஒரு கையெழுத்து. போட்டால் வேலை இருக்கும். ஆனால் அதன் பிறகு அந்தப் பேப்பரில் நான் குடிகாரன். எனக்குப் படிப்பு கிடையாது. காட்டிக்கொள்ள வேறு ஒன்றும் கிடையாது. இந்த ஒன்றுதான் இருக்கிறது. அதை எழுதிக் கொடுத்துவிட்டு வேலை பார்க்க எனக்கு மனசில்லை.

ஞாயிற்றுக்கிழமை எனக்கு ஓய்வு. உட்கார்ந்து யோசித்தேன். எனக்கு யோசனை மெதுவாகத்தான் வரும். உள்ளே இருந்தது வெறும் தண்ணீர். தண்ணீர் புளிக்காது. அப்படியென்றால் புளிப்பு பிளாஸ்கில்தான் இருக்கிறது. ஆனால் ஸ்டீலை விரலை விட்டுத் தேய்த்துப் பார்த்தாயிற்று. வழவழவென்று இருக்கிறது. அதில் நாற்றம் எங்கே போய் உட்காரும்? இதுவரைதான் எனக்கு எட்டியது.

திங்கட்கிழமை காலை பின்கேட் ஆள் வந்து தலையைச் சொறிந்தான். அவன் வாயால் வந்தது என்று அவனுக்குத் தெரியும்.

"அண்ணே, கோவமா? நான் விளையாட்டுக்குத்தான் சொன்னேன் லா."

"தெரியும்."

"பிளீச் ஊத்துங்கண்ணே. ஒரு ராத்திரி. எல்லாம் செத்துரும்."

அப்போது வாசலைத் துடைத்துக்கொண்டிருந்த அக்கா நிமிர்ந்தாள். அவள் தொழிற்சாலை ஆபீசில் துப்புரவு வேலை செய்பவள். என்னை விடப் பத்து வயது இளையவள். ஆனாலும் எல்லாரும் அக்கா என்பதால் நானும் அக்கா என்பேன். அவள் என்னை அண்ணே என்பாள்.

"பிளீச்சா? ஸ்டீல்ல பிளீச் ஊத்தினா புள்ளி புள்ளியா அரிச்சிரும். வாய வச்சிக்கிட்டு சும்மா இரு" என்று அவனைத் திட்டினாள். என்னிடம் திரும்பினாள். "அண்ணே, பிளாஸ்க எடுத்துக்கிட்டு பேன்ட்ரிக்கு வாங்க. இவன் பத்து நிமிசம் வாசல்ல நிப்பான்."

பேன்ட்ரி என்பது ஆபீஸ்காரர்கள் தேத்தண்ணி கலக்கும் சின்ன அறை. தொட்டியில் சோற்று டப்பாக்களும் மூடிகளுமாகக் கிடந்தன. வெள்ளிக்கிழமை சாப்பிட்டுவிட்டு அப்படியே போட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். இரண்டு நாள் ஊறிய நாற்றம். நான் மூக்கைச் சுளித்தேன்.

"இதுதான்ணே எனக்கு ஒவ்வொரு திங்கக்கிழமையும் பூசை. டை கட்டுறவங்க டப்பாதான், பாருங்க நாத்தத்த."

ஒரு டீ கரண்டியை எடுத்தாள். அதன் வால் முனையை ஒரு மூடியின் ஓரத்துக்குள் விட்டு நெம்பினாள். மூடிக்குள்ளிருந்து ஒரு ரப்பர் வளையம் பாம்புக்குட்டி மாதிரி வெளியே வந்தது. வெள்ளை ரப்பர். அடிப்பக்கம் பார்த்தேன். மஞ்சள் பிசுக்கு. நடுநடுவே கறுப்புப் புள்ளி.

"மோந்து பாருங்க."

மோந்தேன். அதுதான். அதே வாடைதான்.

"இது கழண்டு வருமா?" என்றேன்.

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "கழண்டு வராம? எத்தன வருசமா பிளாஸ்க் தூக்குறீங்க?"

கரண்டியை என் கையில் கொடுத்தாள். என் பிளாஸ்க் மூடியை நானே நெம்பினேன். தடித்த வளையம் ஒன்று வந்தது. அடியில் மாவு மாதிரி வெள்ளையாகப் படிந்திருந்தது. சோற்றுத் தண்ணீர். மூன்று வாரச் சோற்றுத் தண்ணீர் அந்தப் பள்ளத்தில் உட்கார்ந்து தினமும் புளித்திருக்கிறது. நான் மேலே கழுவிக் கழுவி, ஈரத்தோடு இறுக்கி மூடி, அதற்கு நல்ல வசதி செய்து கொடுத்திருக்கிறேன்.

"அண்ணே, ஸ்டீல் நாறாது. ரப்பர்தான் நாறும். பிளாஸ்டிக் நாறும். ஈரத்தோட மூடி வச்சா எல்லாம் சேர்ந்து நாறும்" என்றாள் அக்கா. பிறகு செய்ய வேண்டியதைச் சொன்னாள். நான் எழுதிக்கொள்ளவில்லை. எழுதினால் எனக்கு மெதுவாகும். கேட்டு வைத்துக்கொண்டேன்.

அன்று சாயங்காலம் ஆரம்பித்தேன். மூன்று சாமானையும் எடுத்தேன். என் பையில் எதை மோந்தாலும் நாறக் கூடாது என்று முடிவு செய்துவிட்டேன்.

பிளாஸ்குக்கு, ஆப்பச் சோடா பெரிய கரண்டியில் ஒன்று போட்டு, சுடுதண்ணீர் வாய் வரை ஊற்றினேன். மூடவில்லை. மூடக் கூடாது என்று அக்கா சொல்லியிருந்தாள், உள்ளே காற்று கட்டிக்கொள்ளும். ரப்பர் வளையத்தைத் தனியாக ஒரு கிண்ணத்தில் சோடா கரைத்த சுடுதண்ணீரில் போட்டேன். மூடியின் பள்ளத்தைப் பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்தேன். பிரஷ் நுனியில் வந்ததைப் பார்த்து எனக்கே வெட்கமாக இருந்தது. இதைத்தான் மூன்று வாரம் குடித்திருக்கிறேன்.

காலையில் பிளாஸ்கைக் கொட்டி, நீண்ட பிரஷ் விட்டு அடி வரை தேய்த்து, இரண்டு தடவை அலசினேன். ஸ்டீல் ஒரே இரவில் சரியாகிவிட்டது. வளையத்தில் பிசுக்குப் போயிருந்தது, புள்ளி போகவில்லை. அதை வினிகர் கலந்த தண்ணீரில் அரை மணி நேரம் போட்டுத் தேய்த்தேன். பிறகு சன்னல் கம்பியில் வெயில் படுகிற இடத்தில் மாட்டிவிட்டேன்.

சோற்று டப்பா மூடி பிடிவாதம் பிடித்தது. அதில் எண்ணெய். சாம்பார் எண்ணெய் ஏறிப் பிளாஸ்டிக்கே மஞ்சளாகிவிட்டது. எண்ணெய் இருக்கும்போது சோடா வேலை செய்யாது. முதலில் சவர்க்காரமும் சுடுதண்ணீரும். விரலால் தடவினால் கீச்சென்று சத்தம் வர வேண்டும். அது வந்த பிறகு சோடாவைக் கொஞ்சம் தண்ணீரில் குழைத்துப் பள்ளம் முழுக்கப் பூசி விட்டுவிட்டேன். மஞ்சள் போகவில்லை. நாற்றம் போனது.

நீல போத்தல் தோற்றுவிட்டது. இரண்டு தடவை ஊறப் போட்டேன். வெயிலில் வைத்தேன். மோந்தால் லேசாக இருந்தது. உள்ளே வெளிச்சம் பிடித்துப் பார்த்தேன். பிரஷ் பட்டுப் பட்டுக் கீறல். கீறலுக்குள் போனதை வெளியே எடுக்க முடியாது. குப்பையில் போட்டேன். மனசு கேட்கவில்லை. நல்ல போத்தல். ஆனால் நாறும் சாமானைப் பையில் வைத்துக்கொண்டு நான் சுத்தம் என்று சொல்ல முடியாது.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் மனைவிக்குப் போன் செய்தேன். கடிதத்தைப் பற்றிச் சொல்லவில்லை. ரப்பரைப் பற்றி மட்டும் சொன்னேன்.

"பிளாஸ்க் மூடியில ரப்பர் இருக்கு, தெரியுமா?"

பின்னால் பேரக்குழந்தை அழுதது.

"பதினோரு வருசமா ஒவ்வொரு ராத்திரியும் அதத்தான் கழட்டிக் கழுவுறேன். இன்னிக்குத்தான் தெரியுதா உங்களுக்கு?"

"ம்."

"காயாம மாட்டிராதீங்க. கரப்பானுக்குப் பயமா இருந்தா துணி போட்டுக் கட்டுங்க. மூடிய போடாதீங்க."

"சரி."

வைத்துவிட்டேன். பதினோரு வருடத்தில் ஒருவர்கூட என் பிளாஸ்கை மோந்துவிட்டு முகம் திருப்பியதில்லை. குடிக்காதவன் என்ற என் பெயரில் பாதி அவள் கை வேலை. அன்று அவளை நினைத்து எனக்குப் பெருமையாக இருந்தது. சொல்லவில்லை. எனக்கு அப்படிச் சொல்ல வராது.

புதன்கிழமை. வெறும் தண்ணீர் கொண்டு போகவில்லை. நீராகாரமே கொண்டு போனேன். அதே மோர், அதே வெங்காயம். பத்து மணிக்கும் பன்னிரண்டு மணிக்கும் குடித்தேன். முடிந்ததும் வாசல் குழாயில் வளையத்தைக் கழற்றி, சவர்க்காரம் போட்டுத் தேய்த்து, பிளாஸ்கையும் தேய்த்து, துணியால் துடைத்து, மேசையில் வெயில் பட வைத்தேன். பின்கேட் ஆள் எட்டிப் பார்த்தான்.

"அண்ணே, இன்னிக்கும் அதேதானா? சார் வர்ற நாள்ணே! தலையில மண்ண வாரிப் போட்டுக்காதீங்க."

"நீ உன் கேட்டப் பாரு."

மூன்று மணிக்குக் கார் வந்தது. சூப்பர்வைசர் பிளாஸ்கும் கடிதமுமாக இறங்கினார். பின்கேட் ஆள் போகாமல் கூண்டு வாசலிலேயே நின்றான். அக்காவும் துடைப்பத்தோடு வந்து நின்றாள். துடைக்க அங்கே ஒன்றும் இல்லை.

"என்ன முடிவு செய்தனீர்?"

"கையெழுத்துப் போட மாட்டேன் சார். ஒண்ணு காட்டணும். பத்து நிமிசம் வேணும்."

உட்கார்ந்தார். கூண்டில் சுடுதண்ணீர் கெட்டில் இருக்கிறது. கொதித்த தண்ணீரை என் பிளாஸ்கில் பாதி ஊற்றினேன். வளையத்தை மாட்டி மூடினேன்.

"நாத்தம் இருந்தா சூட்டுல கிளம்பி மேல வரும் சார். மறைக்க முடியாது. இன்னிக்கு இதுலதான் நீராகாரம் குடிச்சேன். இவன் பார்த்தான்."

பின்கேட் ஆள் தலையாட்டினான். "பார்த்தேன் சார். சத்தியமா நீராகாரம்."

"உம்மை நான் கேக்கேல்லை" என்றார் சூப்பர்வைசர்.

பிறகு அவர் பிளாஸ்கைக் காட்டினேன். "சார், உங்க பிளாஸ்க்கையும் குடுங்க."

அவர் புருவம் தூக்கினார். "என்ரையோ? என்னத்துக்கு?"

"குடுங்க சார். காலியா?"

காலிதான். கையை நீட்டிக்கொண்டே நின்றேன். கடைசியில் கொடுத்தார். இரண்டு தடவை தண்ணீர் விட்டு அலசிவிட்டு, அதிலும் பாதி சுடுதண்ணீர் ஊற்றி மூடி என்னுடையதற்குப் பக்கத்தில் வைத்தேன். பத்து நிமிடம் காத்திருந்தோம். நடுவில் ஒரு லாரி வந்தது. போய்த் தடுப்பைத் தூக்கி, இறக்கிவிட்டு வந்தேன்.

முதலில் என்னுடையதைத் திறந்து கொடுத்தேன். மூக்கை வாய்க்குள்ளேயே விடுகிற மாதிரி மோந்தார். போலீஸ்காரர் மூக்கு. இன்னொரு தடவை மோந்தார். மூடியையும் மோந்தார்.

"ஒண்டும் இல்லை."

பிறகு அவருடையதைத் திறந்தேன். மோக்கக் கொடுக்கவே தேவைப்படவில்லை. மூடியை எடுத்ததும் ஆவியோடு வந்தது. புளித்த பால். பின்கேட் ஆள் ஒரு எட்டுப் பின்னால் போனான்.

"அம்மாடி!" என்றான்.

சூப்பர்வைசர் தன் பிளாஸ்கைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"சார், நீங்க கள்ளுக் குடிக்கிறீங்கன்னு நான் சொல்லல" என்றேன்.

அக்கா துடைப்பத்தைப் பிடித்துக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். தோள் குலுங்கியது. சூப்பர்வைசர் சிரிக்கவில்லை. கோபப்படவும் இல்லை.

"எங்கயிருந்து வருது இது? என்ர மனிசி தினமும் கழுவுறவ" என்றார்.

டீ கரண்டியை எடுத்தேன். அவர் மூடியை நெம்பினேன். வளையம் வந்தது. என்னுடையது மூன்று வாரம். அவருடையது எத்தனை வருடமோ. பழுப்பு நிறத்தில் களி மாதிரி இருந்தது. அவர் உள்ளங்கையை நீட்டச் சொல்லி அதில் வைத்தேன். அதைப் பிடித்துக்கொண்டு சாட்சிப் பொருள் பார்க்கிற மாதிரி பார்த்தார். மோந்தார். ஒரு தடவை போதுமாக இருந்தது.

"அப்ப அந்தக் கிராம்பு?"

"நாத்தம் போகும்னு நெனச்சேன் சார். முட்டாத்தனம்."

அவர் எழுந்து கை கழுவிவிட்டு வந்தார். குறிப்புப் புத்தகத்தைக் கேட்டார். கொடுத்தேன். தான் முன்னால் எழுதியதைக் கோடு போட்டு அடிக்கவில்லை. அதற்குக் கீழே எழுதினார். மூடி ரப்பரில் புளித்த உணவு என்றும், கள்ளு இல்லை என்றும், தானே சோதித்ததாகவும் எழுதிக் கையெழுத்துப் போட்டார். கடிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைக்கப் போனார்.

"மடிக்க வேணாம் சார்" என்றேன். "கிழிச்சிருங்க."

நான் ஒரு சூப்பர்வைசரிடம் அப்படிப் பேசியது அது ஒரு தடவைதான். அவர் என்னைப் பார்த்தார். நான் பார்வையை இறக்கவில்லை. கிழித்தார். நாலு துண்டு. குப்பைக் கூடை என் காலடியில் இருந்தது. அவரே குனிந்து போட்டார்.

"நான் பிழையா நினைச்சுப்போட்டன்" என்றார். மன்னிப்பு என்ற வார்த்தை வரவில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை. அவர் வாயில் அதுவே பெரிய பேச்சு.

கிளம்பும்போது பிளாஸ்கை என் பக்கம் தள்ளினார்.

"உமக்கு இந்த வேலை தெரியுது. இதையும் கழுவி வையுமன். நாளைக்கு எடுக்கிறன்."

"கழுவித் தர மாட்டேன் சார். எப்படின்னு சொல்லித் தரேன்."

பின்கேட் ஆள் மூச்சைப் பிடித்துக்கொண்டான். நான் சொன்னேன். சோடா எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு சூடு, மூடாமல் ஊற வைப்பது, ரப்பரைத் தனியாகப் போடுவது, பிளாஸ்டிக் சாமானாக இருந்தால் கொதிக்கிற தண்ணீர் ஊற்றினால் கோணிக்கொள்ளும் என்பது, நன்றாகக் காய்ந்த பிறகே மாட்ட வேண்டும் என்பது. அவர் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். ஒரு துண்டுப் பேப்பரில் ஒவ்வொன்றாக எழுதிக்கொண்டார். நான் சொல்ல, ஒரு படித்த மனிதர் எழுதிக்கொண்டது என் வாழ்க்கையில் அன்றுதான். மெதுவாகவே சொன்னேன்.

அவர் போனதும் பின்கேட் ஆள் பையிலிருந்து தன் போத்தலை எடுத்து என் மேசையில் வைத்தான்.

"அண்ணே, என்னோடதயும் பார்த்துச் சொல்லுங்கண்ணே."

"கழட்டு" என்றேன். கரண்டியைக் கொடுத்தேன்.

அடுத்த வாரம் சூப்பர்வைசர் வழக்கமான சுற்றுக்கு வந்தார். புத்தகத்தைப் பார்த்தார். தடுப்பைப் பார்த்தார். கேட்க வேண்டியதெல்லாம் கேட்டார். போகிற நேரத்தில் காரிலிருந்து பிளாஸ்கை எடுத்து வந்து மேசையில் வைத்தார். பளபளவென்று இருந்தது.

"பாரும்" என்றார்.

கெட்டிலில் தண்ணீர் கொதிக்க வைத்தேன். ஊற்றினேன். மூடினேன். பத்து நிமிடம் அவர் நின்றுகொண்டே இருந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. திறந்து மோந்தேன். நேரம் எடுத்துக்கொண்டேன்.

"எப்பிடி?"

"இன்னும் கொஞ்சம் இருக்கு சார்."

"இருக்கோ? நல்லாப் பாரும்."

"இருக்கு சார். இன்னொரு ராத்திரி ஊறப் போடுங்க."

தலையை ஆட்டினார். வாதாடவில்லை. மூடியைத் தனியாகவும் பிளாஸ்கைத் தனியாகவும் பிடித்துக்கொண்டு காருக்குப் போனார். நான் தடுப்பைத் தூக்கினேன்.